புதினத்தில் இருவகைத் தமிழ்

நுழையும்முன்

எழுதும்போது ஒரு தமிழும் பேசும்போது வேறொரு தமிழும் தமிழரிடம் வழங்குகின்றன. கடிதத்திலும் கட்டுரையிலும் எந்தத் தமிழைக் கையாள்வது என்னும் ஐயம் எழுவதில்லை. புதினம் எழுதத் தொடங்கும் ஒருவருக்கோ முதல் பக்கத்திலேயே அந்த ஐயம் எழுகிறது. கதையைச் சொல்லும் குரல் எந்தத் தமிழில் அமைய வேண்டும்? மாந்தர் எந்தத் தமிழில் பேச வேண்டும்? அவர்கள் மனத்துக்குள் நினைப்பதை எந்தத் தமிழில் எழுதுவது? ஒரு புதின வரைவின் சில பகுதிகளைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

இரு வழக்குகள்

உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியக் காலத்திலிருந்தே தமிழ் இலக்கணம் அறிந்திருக்கிறது. இன்று எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் என்று வழங்கப்படுவன இவ்விரண்டின் நேர்வடிவங்கள் அல்ல. எனினும் ஒரே மொழிக்குள் இரு நிலைகள் உண்டு என்னும் உணர்வு பழமையானது.

உரைநடையில் கதை சொல்லும் முறை வளர்ந்தபோது இவ்விரு நிலைகளும் ஒரே பக்கத்தில் சந்தித்தன. தமிழின் முதல் புதினமாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனையடுத்து பி.ஆர். ராஜமையர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ சிற்றூர் மாந்தரின் அன்றாடப் பேச்சுக்கு உரையாடலில் இடமளித்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்கு நாட்டுப் பேச்சைப் புதினத்திற்குள் கொண்டுவந்தது. கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ (1976) எழுதியபோது, கரிசல்காட்டு மக்கள் கதை சொல்லும் தொனி உரையாடலோடு நில்லாமல் கதைக்கூற்றுக்குள்ளும் புகுந்தது.

இவ்வரலாற்றைப் பார்ப்போருக்கு, கதைக்கூற்றுக்கு எழுத்துத்தமிழ், உரையாடலுக்குப் பேச்சுத்தமிழ் என்று ஒரே வரியில் விதி வகுத்துவிடலாம் என்று தோன்றும். தொடக்கத்திற்கு அவ்விதி போதுமானதே. வரைவு பத்துப் பக்கங்களைத் தாண்டியதும் அது போதாமற்போகிறது. ஏன் என்பதை ஒரு காட்சியின் வழியே காணலாம்.

ஒரு காட்சி, மூன்று வடிவங்கள்

அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் சுடலைமுத்து என்னும் உழவர், சென்னைக் கல்லூரியில் பயிலும் மகள் செல்வியின் கட்டணத்திற்காகக் கறவை மாட்டை விற்றுவிடுகிறார். செய்தியை அறியாத செல்வி விடுமுறைக்கு வீடு திரும்புகிறாள். இக்காட்சியின் முதல் வடிவம் முழுவதும் எழுத்துத்தமிழில் அமைகிறது:

> சுடலைமுத்து திண்ணையில் அமர்ந்திருந்தார். செல்வி தொழுவத்தை நோக்கினாள். அது வெறுமையாகக் காட்சியளித்தது. “அப்பா, மாடு எங்கே சென்றுவிட்டது?” என்று வினவினாள். “அதை விற்றுவிட்டேன், மகளே. உன்னுடைய கல்விக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது” என்று அவர் விடையளித்தார்.

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இந்தத் தந்தை எந்த ஊரினர் என்பதோ, அவருக்கும் மகளுக்கும் இடையிலுள்ள நெருக்கம் எத்தகையது என்பதோ தெரியவில்லை. வீட்டுத் திண்ணையில் எவரும் ‘செலுத்த வேண்டியிருந்தது’ என்று பேசுவதில்லை. ஆகவே படிப்பவர் இருவரையும் நாடக மேடையில் நிற்பவர்களாகவே காண்கிறார்.

இதற்கு மாறாக, இரண்டாம் வடிவம் முழுவதும் பேச்சுத்தமிழில் அமைகிறது:

> சுடலமுத்து திண்ணையில உக்காந்திருந்தாரு. செல்வி தொழுவப் பாத்தா. வெறிச்சுன்னு கெடந்துச்சு.

இப்போது ஊர் தெரிகிறது. ஆனால் ‘இதைச் சொல்பவர் யார்?’ என்னும் புதிய வினா எழுகிறது. பேச்சுக்கு எப்போதும் பேசுபவர் ஒருவர் உண்டு. எழுத்துத்தமிழில் அமைந்த கதைக்கூற்றில் சொல்பவர் பெயரின்றி மறைந்திருக்கலாம். படிப்பவர் அவரைத் தேடுவதில்லை. பேச்சுத்தமிழில் அமைந்தால் அவருக்கு ஓர் ஊரும் வயதும் அக்கதையோடு ஏதோ ஓர் உறவும் இருக்க வேண்டும் என்று படிப்பவர் எதிர்பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ செல்வியோ கதையைத் தம் வாயால் சொல்வதாக அமைத்தால் இவ்வடிவம் முற்றிலும் பொருந்தும். பெயரற்ற ஒருவர் சொல்வதாக இருந்தால், கேட்பவர் யாரென்று தெரியாமல் யாரோ பேசிக்கொண்டே போவதுபோல் இருக்கும். ஆகவே கதைக்கூற்றைப் பேச்சுத்தமிழில் எழுத விரும்புவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார் என்பதே.

மூன்றாம் வடிவம் இரண்டையும் பிரித்து அமைக்கிறது:

> சுடலைமுத்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். செல்வியின் பார்வை தொழுவத்தின் பக்கம் போனது. கழுநீர்ப் பானை கவிழ்ந்து கிடந்தது.
> “எப்பா, மாடு எங்க?”
> “வித்தாச்சு.”
> “எதுக்கு?”
> “பீஸ் கட்டணும்லா உனக்கு. உள்ள போய்ச் சாப்பிடு.”

இவ்வடிவத்தின் கதைக்கூற்றும் எழுத்துத்தமிழே. ஆனால் முதல் வடிவத்தின் எழுத்துத்தமிழ் அன்று இது. ‘அமர்ந்திருந்தார்’ என்பது ‘உட்கார்ந்திருந்தார்’ ஆகியிருக்கிறது. ‘வினவினாள்’, ‘விடையளித்தார்’ என்பன நீங்கியிருக்கின்றன. உட்கார், போ, கிட, கேள், சொல் போன்ற சொற்கள் இரு வழக்குகளுக்கும் பொதுவானவை. வினைமுற்றும் வேற்றுமை உருபும் எழுத்து வடிவில் நிற்க, சொற்கள் பொதுச்சொற்களாக இருந்தால், கதைக்கூற்றிலிருந்து உரையாடலுக்குச் செல்லும்போது படிப்பவர் இடறுவதில்லை. எழுத்துத்தமிழ் என்பது ஒற்றைப்படியன்று. அதற்குள்ளும் பல படிகள் உண்டு. உரையாடல் எவ்வளவு பேச்சுத்தன்மை பெறுகிறதோ, அவ்வளவுக்குக் கதைக்கூற்றும் எளிய படிக்கு இறங்கிவர வேண்டும்.

உரையாடலில் நேர்ந்த மாற்றமும் ஒலியளவில் முடிந்துவிடவில்லை. ‘உனக்கு’ என்னும் சொல் வினைக்குப் பின்னால் போயிருக்கிறது. எழுத்துத்தமிழில் வினைமுற்று தொடரை முடித்துவைக்கிறது. பேச்சிலோ நினைவுக்கு வந்ததைப் பின்னால் சேர்ப்பது இயல்பு. ‘கட்டணும்லா’ என்பதன் ஈற்றிலுள்ள ‘லா’ நெல்லை, குமரிப் பகுதிகளில் வழங்குவது. ‘அல்லவா’ என்பதற்கு ஈடானதாயினும் அதன் கேள்வித்தன்மை இங்குத் தணிந்துவிடுகிறது. ‘இது உனக்குத் தெரிந்ததுதானே, இதைப் பற்றி மேலும் பேச வேண்டாம்’ என்னும் குறிப்பு அந்த ஓரெழுத்தில் அடங்குகிறது. தந்தை தம் இழப்பை மறைக்க முயல்வதை அவரைப் பற்றிய விளக்கம் எதுவுமின்றி அந்த இடைச்சொல்லே உணர்த்திவிடுகிறது. முதல் வடிவத்தில் இதனை உணர்த்த வழியில்லை.

நினைவின் மொழி

கதைக்கூற்றும் உரையாடலும் தெளிவாகப் பிரிந்துவிட்டாலும் இடர்ப்பாடு முடிவதில்லை. மாந்தர் மனத்துக்குள் நினைப்பது கதைக்கூற்றா, உரையாடலா? புதிதாக எழுதுவோரின் வரைவுகளில் இருவகைத் தமிழும் முறையின்றிக் கலந்துபோவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். அன்றிரவு செல்வி நினைப்பதை மூன்று வகையாக எழுதலாம்.

> தன்னிடம் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று செல்வி எண்ணினாள்.

இது அயற்கூற்று. ‘தன்னிடம்’, ‘என்று எண்ணினாள்’ என்னும் சொற்கள் சொல்பவர் ஒருவர் இடையில் நிற்பதைக் காட்டுகின்றன. செய்தி தெளிவாக இருக்கிறது. செல்வி தொலைவில் இருக்கிறாள்.

> செல்விக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? தெனமும் போன்ல பேசத்தான செஞ்சாரு.

இது நேர்க்கூற்று, மேற்கோள் குறி மட்டும் இல்லை. செல்வி மிக அருகில் வந்துவிடுகிறாள். ஆனால் ஒரு பக்கம் முழுவதும் இப்படியே தொடர்ந்தால், கதையைச் சொல்வது யார் என்னும் முன்னைய வினா மீண்டும் எழும். ஆகவே இம்முறை ஓரிரு வரிகளுக்கே ஏற்றது.

> செல்விக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தினமும் போனில் பேசத்தானே செய்தார். மழை பெய்ததைச் சொன்னார், அத்தை வந்துபோனதைச் சொன்னார். மாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வகை இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது. வினைமுடிவுகள் எழுத்துத்தமிழில் உள்ளன. தொடரின் போக்கும் கேள்வியும் மனத்தாங்கலும் செல்வியுடையவை. ‘என்று எண்ணினாள்’ என்னும் அடைப்பு தேவைப்படவில்லை. நீண்ட மனவோட்டத்திற்கு இவ்வகையே மிகவும் பயன்படுகிறது. மூன்றில் எதனைத் தேர்ந்தாலும் தவறில்லை. ஒரே பத்தியில் மூன்றையும் கலப்பதே குறையாகிறது.

அவ்வாறு கலந்த தொடர் ஒன்று: “செல்வி தொழுவத்துக்குப் போய்ப் பாத்துட்டு மிகுந்த வேதனையடைந்தாள்.” ‘பாத்துட்டு’ ஒரு குரலுக்கும் ‘மிகுந்த வேதனையடைந்தாள்’ இன்னொரு குரலுக்கும் உரியவை. இத்தகைய கலப்பைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஐயத்திற்குரிய பத்தியில் வினைமுற்றுகளையும் வினையெச்சங்களையும் மட்டும் அடிக்கோடிட வேண்டும். ஒரே தொடருக்குள் அவை இரு வழக்குகளில் நின்றால் அத்தொடரைத் திருத்த வேண்டும். பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைகளே வழக்கை வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும்.

பேச்சை எழுத்தாக்கும்போது

பேச்சுத்தமிழின் எல்லா ஒலிகளுக்கும் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்து இல்லை. ‘வந்தான்’ என்பதைப் பேசும்போது ஈற்று னகரம் தேய்ந்து மூக்கொலியாக மட்டும் நிற்கிறது. அதனைக் காட்ட எழுத்து இல்லாமையால் ‘வந்தா’ என்று எழுதினால், அது ‘வந்தாள்’ என்பதன் பேச்சு வடிவமாகவும் ‘வந்தால்’ என்பதன் பேச்சு வடிவமாகவும் படிக்கப்படும். கேட்கும்போது மூக்கொலியும் இடமும் பொருளை வேறுபடுத்துகின்றன. படிக்கும்போது அவ்வுதவி குறைவு. முன்னர்க் கண்ட ‘செல்வி தொழுவப் பாத்தா’ என்னும் தொடர் ‘பார்த்தால் என்ன ஆயிற்று?’ என்று படிப்பவரை ஒரு கணம் காத்திருக்கச் செய்வதும் இதனாலேயே. ஆகவே ஆண்பால் வினைமுற்றில் னகரத்தை விடாமல் எழுதுவது நல்லது.

பேச்சில் ‘குடை’ என்பது ‘கொடை’ என்று ஒலிக்கிறது. ‘இடம்’ என்பது ‘எடம்’ என்று ஒலிக்கிறது. நெல்லைப் பகுதியில் ‘கொடை’ என்றால் கோயில் திருவிழா. “கொடைக்குப் போறப்ப கொடைய எடுத்துக்கோ” என்று ஒலித்தபடியே எழுதினால் படிப்பவர் நின்று பொருள் காண வேண்டியிருக்கும்.

ஒலிக்கும் அனைத்தையும் எழுதிக்காட்டுவது உரையாடலின் நோக்கமன்று. தம் மண்ணின் பேச்சை அறிந்தவர் எழுத்து வடிவைக் கண்டாலும் அதைப் பேச்சொலியிலேயே படித்துக்கொள்வார். எனவே எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று வரைவின் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சுடலைமுத்துவின் கதைக்கு அத்தாள் இவ்வாறு அமையலாம்:

1. உரையாடலில் பெயர்ச்சொற்கள் எழுத்து வடிவிலேயே நிற்கும்: குடை, இடம், தவணை.
2. வினைமுடிவுகளும் உருபுகளும் இடைச்சொற்களும் பேச்சு வடிவம் பெறும்: கட்டணும், வீட்டுல, கட்டணும்லா.
3. ஆண்பால் ஈற்று னகரம் விடப்படாது: வந்தான், போனான்.
4. ரெண்டு, மூணு போன்று பெரிதும் பழகிய எண்ணுப்பெயர்கள் பேச்சு வடிவில் வரும்.

இவ்விதிகளில் எதுவும் கட்டாயமன்று. வேறொரு படைப்பாளர் வேறு விதிகளை வகுக்கலாம். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ‘தவணை’ என்றும் ஐம்பதாம் பக்கத்தில் ‘தவண’ என்றும் ஒருவரே பேசினால், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டோ என்று படிப்பவர் தேடுவார். முன்னர்க் கண்ட நேர்க்கூற்று நினைவில் ‘வார்த்த’, ‘தெனமும்’ என்று வந்தவையும் இத்தாளின்படி ‘வார்த்தை’, ‘தினமும்’ என்று மாற வேண்டியவையே.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| வட்டாரச் சொற்களை எழுத்தில் கையாளும்போது அவற்றின் பொருளையும் வழங்கும் இடத்தையும் உறுதிசெய்துகொள்வது தேவை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும், பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யையும் தொகுத்துள்ளனர். |

யார் எந்தத் தமிழில் பேசுவது?

மாட்டை விற்றும் பணம் போதவில்லை. பயிர்க்கடனின் இரண்டு தவணைகள் நிலுவையில் இருக்கச் சுடலைமுத்து வங்கிக்கு அழைக்கப்படுகிறார். வரைவின் அப்பகுதி இவ்வாறு அமைந்துள்ளது:

> “நீங்கள் இரண்டு தவணைகளைச் செலுத்தவில்லை” என்றார் மேலாளர்.
> “அடுத்த மாசம் கட்டிருதேன் சார்” என்றார் சுடலைமுத்து.

படித்தவருக்கு எழுத்துத்தமிழ், உழவருக்குப் பேச்சுத்தமிழ் என்னும் இப்பகிர்வு பல வரைவுகளில் எழுதுபவர் அறியாமலே நிகழ்கிறது. ஆனால் மேலாளரும் அலுவலகத்தில் பேச்சுத்தமிழே பேசுகிறார். ஒருவர் பேச்சை மட்டும் திருத்திச் செம்மையாக்கி, மற்றவர் பேச்சை உள்ளவாறே விட்டுவிட்டால் சுடலைமுத்துவின் மொழி குறையுடையதுபோல் தோன்றுகிறது. கடனால் கலங்கி நிற்கும் மனிதர் நகைப்புக்குரியவர் ஆகிவிடுகிறார். காட்சியின் நோக்கமே இதனால் கெடுகிறது. திருத்திய வடிவம்:

> “ரெண்டு தவணை கட்டலையே நீங்க. மேல என்னைத்தான கேப்பாங்க?”
> “அடுத்த மாசம் கட்டிருதேன் சார். ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்கிடணும்.”

இப்போது இருவரும் பேசுகின்றனர். மேலாளருக்கும் ஓர் அச்சம் இருப்பது தெரிகிறது. சுடலைமுத்துவின் ‘பொறுத்துக்கிடணும்’ என்பது, திண்ணையில் ‘வித்தாச்சு’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்ட அதே மனிதர் இங்குப் பணிந்து பேசுவதைக் காட்டுகிறது. ஒருவரின் பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. எதிரில் இருப்பவருக்கேற்ப அது மாறுகிறது. சென்னைத் தோழியிடம் ‘வர்றேன்’ என்று சொல்லும் செல்வி, தாயிடம் ‘வாரேன்’ என்கிறாள். விடுமுறையின் முதல் நாளில் வீட்டிலும் அவள் ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டால், மகள் சற்று விலகிப் போயிருப்பதை அந்தச் சிறு மாற்றத்தால் தாய் உணர்ந்துகொள்ள முடியும்.

உரையாடலுக்கு இடையே எழுத்துத்தமிழ் தனக்குரிய இயல்போடு வரும் இடங்களும் உண்டு. மேடைப்பேச்சு, பாடம், அழைப்பிதழ், அலுவலகக் கடிதம் ஆகியன அத்தகையன. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைத் தந்தை மகளிடம் கொடுக்கிறார்:

> ‘கடன் தவணையை உரிய காலத்தில் செலுத்தத் தவறியமையால், தங்கள் மீது மேல்நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றிருந்தது. செல்வி இரண்டு முறை படித்தாள்.
> “என்னம்மா போட்டிருக்கான்?”
> “ஒண்ணுமில்லப்பா. ரெண்டு தவணை விட்டுப்போச்சாம். வந்து பேசச் சொல்லுதாங்க.”

கடிதத்தின் தமிழும் செல்வியின் தமிழும் அடுத்தடுத்து நிற்கும்போது, அவள் எதை மறைத்தாள் என்பது படிப்பவருக்கு விளங்கிவிடுகிறது. ‘மேல்நடவடிக்கை’ என்னும் சொல்லைப் பேச்சில் அவள் சொல்லவே இல்லை. திண்ணையில் தந்தை செய்ததையே இங்கு மகள் செய்கிறாள். கடிதத்தையும் பேச்சுத்தமிழில் எழுதியிருந்தாலோ செல்வியையும் எழுத்துத்தமிழில் பேச வைத்திருந்தாலோ இக்காட்சிக்கு இப்பொருள் கிடைத்திராது.

வரைவைச் சரிபார்த்தல்

முதல் வரைவு முடிந்தபின், உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு இடறும் இடத்தில் எழுத்துத்தமிழ் ஒளிந்திருக்கும். அடுத்து, பேசுபவர்களின் பெயர்களை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். யார் பேசுகிறார் என்று பிரித்தறிய முடியவில்லையெனில், எல்லோரும் எழுதுபவரின் பேச்சையே பேசுகிறார்கள் என்பது பொருள். இறுதியாக, அவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரிடமும் சேராத ஒருவரிடமும் வரைவைக் கொடுக்க வேண்டும். முன்னவர் பொருந்தாத சொல்லைக் காட்டுவார்; பின்னவர் புரியாத சொல்லைக் காட்டுவார். புரியாத சொல்லை உடனே நீக்கிவிட வேண்டியதில்லை; அதன் பொருள் விளங்கும்படி அருகில் ஒரு செயலை அமைத்தால் போதும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டில் நடந்த ஓர் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதி, அதற்கேற்ற கதைக்கூற்றை எழுத்துத்தமிழில் அமைக்க.
2. மேற்கண்ட வங்கிக் காட்சியைச் சுடலைமுத்துவே சொல்வதாக, உம் வட்டாரப் பேச்சுத்தமிழில் மாற்றி எழுதுக.
3. ‘வந்தா’ என்பதுபோல் பேச்சு வடிவில் எழுதும்போது பொருள் மயக்கம் தரும் ஐந்து சொற்களைத் திரட்டி, அவற்றை எவ்வாறு எழுதலாம் என்று வகுப்பில் கலந்துரையாடுக.
4. நீவிர் படித்த ஒரு சிறுகதையில் மாந்தரின் நினைவு எவ்வகைத் தமிழில் கூறப்பட்டுள்ளது என்பதைக் கண்டறிந்து, காரணத்துடன் விளக்குக.